அட்டை, முதுகுப் படம் மட்டும் இருக்கு: இது எந்தப் பதிப்பு? பழைய பிரதி மலிவா எப்படித் தேடுறது?

குமிழ்

வணக்கம் நண்பர்களே. நாங்க சில பேர் சேர்ந்து நேரியல் இயற்கணிதம் படிக்கிறோம். குழுவை நடத்துற அண்ணன் ஷெல்டன் ஆக்ஸ்லர் எழுதின `Linear Algebra Done Right` புத்தகத்தை வச்சுத்தான் நடத்துறார். அவர் குறிப்பு எல்லாமே "அத்தியாயம் 5, பயிற்சி 12" மாதிரிதான் இருக்கும். அதனால அவர்கிட்ட இருக்கிற அதே பதிப்பு எனக்கும் வேணும்.

எந்தப் பதிப்புன்னு அவருக்கே நினைவில்லை. புத்தகம் இப்போ வேற ஒருத்தர்கிட்ட இருக்கு, அது நூலகத்திலிருந்து கழிச்சுவிட்ட பிரதியாம். அவர் ரெண்டு படம் அனுப்பினார். முன்னட்டையில பிளாஸ்டிக் உறை மேல வெளிச்சம் பட்டு கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையா இருக்கு, தலைப்பும் பேரும்தான் தெரியுது. முதுகுல பேர், தலைப்பு தெரியுது. பதிப்பகம் பேர் இருக்க வேண்டிய இடத்துல நூலகச் சீட்டு ஒட்டியிருக்கு. சீட்டுக்கு மேல ஒரு சின்ன படத்தோட நுனி எட்டிப் பார்க்குது, ஏதோ காது மாதிரி.

புதுசு வாங்குற வசதி இல்லை. எந்தப் பதிப்பு, எந்தப் பதிப்பகம்னு தெரிஞ்சா பழைய பிரதி தேடிக்கலாம். உதவுங்க.

---

மழைக்குருவி

எதுக்குங்க வாங்கணும்? இந்தப் புத்தகத்தோட நாலாவது பதிப்பை ஆசிரியரே இலவசமா விட்டிருக்கார். அச்சிட்டிருக்கிற ஆண்டு 2024, திறந்த அணுக்க நூல், பி.டி.எஃப். சட்டப்படியே இறக்கிக்கலாம். காசு மிச்சம்.

---

குமிழ்

நன்றிங்க, அதை இறக்கி வச்சிருக்கேன். ஆனா அண்ணன் சொல்ற பயிற்சி எண்ணும் அதுல இருக்கிற எண்ணும் ஒத்துப்போகலை. அவர் 12-ன்னு சொல்ற கணக்கு இதுல வேற எங்கேயோ இருக்கு, சிலது கண்ணுக்கே படலை. அதனாலதான் அதே பதிப்பு கேட்கிறேன்.

---

பழுப்புத்தாள்

குமிழ், அந்த நூலகச் சீட்டைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். உங்கள் இரண்டு படத்திலும் அதிகம் பேசுவது அதுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகத் தட்டச்சு செய்து போடுங்கள்.

பதிப்பகத்தைப் பொறுத்தவரை, எட்டிப் பார்க்கும் அந்தக் காது குதிரையின் காதாக இருக்க வேண்டும். சதுரங்கக் குதிரைதான் ஸ்ப்ரிங்கர் பதிப்பகத்தின் சின்னம். இந்த நூலின் எல்லாப் பதிப்பும் ஸ்ப்ரிங்கர் வெளியீடு என்பதால் அங்கே சந்தேகம் இல்லை. எந்தப் பதிப்பு என்பதுதான் கேள்வி.

முன்னட்டையை வைத்துப் பதிப்பை முடிவு செய்யாதீர்கள். ஒரே பதிப்பு அச்சுக்கு அச்சு அட்டை மாறி வரும். விற்பனைத் தளத்தில் இருக்கும் அட்டைப் படமோ பல நேரம் எங்கிருந்தோ தானாக வந்து ஒட்டிக்கொண்ட படம்.

---

குமிழ்

சீட்டுல இப்படி இருக்குங்க:

```
QA
184
.A96
1997
```

---

பழுப்புத்தாள்

அப்படியானால் பெரும்பகுதி முடிந்தது. இது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் வகைப்பாட்டு முறை. QA என்றால் கணிதம். 184 நேரியல் இயற்கணிதம் வரும் இடம். A96 ஆசிரியர் பெயரைக் குறிப்பது. கடைசி வரிதான் உங்களுக்கு வேண்டியது. பல நூலகங்கள் அந்த இடத்தில் பதிப்பு வெளிவந்த ஆண்டை எழுதும். இந்த நூலின் இரண்டாம் பதிப்பு 1997. மூன்றாம் பதிப்பில் அச்சிட்டிருக்கும் ஆண்டு 2015. ஆகவே உங்கள் அண்ணனிடம் இருப்பது இரண்டாம் பதிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். முதல் பதிப்பும் 1990களின் நடுவில்தான் வந்தது, இரண்டுக்கும் இடைவெளி குறைவு. சீட்டு அடித்தவர் கை தவறி ஆண்டை மாற்றி எழுதியிருந்தால் நாம் ஏமாறுவோம். சீட்டை மட்டும் நம்பாமல் இன்னொரு பக்கத்திலிருந்தும் உறுதி செய்ய வேண்டும். பின்னட்டைப் படம் கிடைக்குமா?

---

அளவுகோல்

பின்னட்டை எதுக்கு, முதுகு அகலமே போதுமே. இரண்டாம் பதிப்பு 251 பக்கம், மூன்றாவது 340. சாதாரணத் தாள் ஒரு இதழ் 0.1 மி.மீ. தடிமன்னு வச்சா ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும். குமிழ், படத்தைப் பெரிசாக்கி முதுகோட உயரமும் அகலமும் எத்தனை பிக்சல்னு பார்த்துச் சொல்லுங்க.

---

குமிழ்

உயரம் 1880, அகலம் 112 வருதுங்க. நேரா எடுத்த படம்தான், சாய்வு இல்லை.

---

அளவுகோல்

ஸ்ப்ரிங்கரோட வழக்கமான உயரம் 235 மி.மீ. அப்போ 112-ஐ 1880-ஆல வகுத்து 235-ஆல பெருக்கினா சரியா 14 மி.மீ. முன்பக்கங்களையும் சேர்த்தா இரண்டாம் பதிப்பு 270 பக்கத்தை ஒட்டி வரும், அதாவது 135 இதழ், 13.5 மி.மீ. மெல்லிய அட்டை சேர்த்தா 14. மூன்றாவதா இருந்தா 18-ஐத் தொட்டிருக்கும். முடிஞ்சது, இது இரண்டாம் பதிப்பு, சாதா அட்டை.

---

பழுப்புத்தாள்

அளவுகோல், கணக்கு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் தாள் தடிமன் அச்சுக்கு அச்சு மாறும். அதே பதிப்பு பிற்பாடு வேறு தாளில் அச்சாகியிருந்தால் 2, 3 மி.மீ. ஏறவோ இறங்கவோ செய்யும். கெட்டி அட்டை என்றால் அட்டைகளே 5 மி.மீ. பக்கம் சேர்த்துவிடும். தவிர, ஏறக்குறைய அதே பருமன் உள்ள முதல் பதிப்பை இந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது. 14 மி.மீ. என்றால் மூன்றாம் பதிப்பை ஒதுக்கலாம், அது உபயோகம்தான். இரண்டாவது என்று நிரூபிக்க அது போதாது.

---

தேன்மொழி_வா

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட ஒரு பழைய பிரெஞ்சு இலக்கண நூல் இருக்கு. முன்னட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிஞ்சு போச்சு. முதுகுல எழுத்து கீழிருந்து மேலா ஓடுது. தங்க எழுத்தா இருந்திருக்கும் போல, இப்போ அழிஞ்சு தடம் மட்டும் இருக்கு. படம் எடுத்தா ஒண்ணும் விழலை. இதையும் கண்டுபிடிக்க முடியுமா?

---

பழுப்புத்தாள்

முயற்சி செய்யலாம், தேன்மொழி. அழிந்த தங்க எழுத்தின் பள்ளம் தோலிலோ துணியிலோ இன்னும் இருக்கும். அறையை இருட்டாக்கிவிட்டு, புத்தகத்தை மேசையில் கிடத்தி, கைவிளக்கை முதுகுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசை மட்டத்தில் வைத்து அடியுங்கள். கேமரா நேர் மேலே இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். ஒளி சாய்வாக வரும்போது ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழும். விளக்கை ஒருமுறை தலைப்பக்கமும் ஒருமுறை அடிப்பக்கமும் மாற்றிப் பாருங்கள், ஒன்றில் தெரியாத எழுத்து மற்றதில் தெரியும்.

கீழிருந்து மேலாக ஓடும் எழுத்து பிரெஞ்சுப் பதிப்பகங்களின் வழக்கம். ஆங்கில நூல்களில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். அதனால் பிரான்சில் அச்சானதாக இருக்க வாய்ப்பு அதிகம், உறுதி என்று சொல்ல முடியாது. கடைசித் தாளின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள், பிரெஞ்சு நூல்களில் அங்கே இருப்பது வழக்கம்.

---

குமிழ்

பின்னட்டைப் படம் வந்துடுச்சு. ஆனா ஐ.எஸ்.பி.என். மேல யாரோ விலைச்சீட்டு ஒட்டிக் கிழிச்சிருக்காங்க, ஒரு எண் போயிடுச்சு. பட்டைக்குறியீடும் பாதி சேதம். தெரியறது இவ்வளவுதான்:

```
ISBN 0-387-982?8-2
```

போன எண் 3-ஆ, 5-ஆ, 6-ஆன்னு பார்த்தா தெரியலை.

---

மீதிகள்

குமிழ், பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம், கணக்கே சொல்லிவிடும். பத்து இலக்க ஐ.எஸ்.பி.என்.னில் முதல் எண்ணை 10-ஆலும் அடுத்ததை 9-ஆலும் இப்படியே இறங்கிப் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கடைசி எண் அதற்காகவே வைக்கப்பட்டது. உங்கள் எண்ணைப் போட்டுப் பார்ப்போம்:

```
0×10 + 3×9 + 8×8 + 7×7 + 9×6 + 8×5 + 2×4 = 242
?×3
8×2 + 2×1 = 18
```

242 என்பது 22×11, அதனால் அதை விட்டுவிடலாம். மிச்சம் 3×? + 18. அது 11-இன் மடங்காக வேண்டும். 0 முதல் 9 வரை போட்டுப் பாருங்கள், 5 மட்டும்தான் பொருந்தும்: 15 + 18 = 33. ஆகவே உங்கள் எண் 0-387-98258-2.

ஒரு எண் மட்டும் காணாமல் போனால் விடை எப்போதும் ஒன்றுதான். இரண்டு எண் போயிருந்தால் பல விடை வரும், அப்போது நூலகப் பட்டியலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

---

பழுப்புத்தாள்

அருமை. அந்த எண் இரண்டாம் பதிப்பின் சாதா அட்டைக்கு உரியது. சீட்டில் இருக்கும் ஆண்டு, முதுகு அகலம், எண் மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. இனி தயங்காமல் தேடலாம்.

தேடும்போது பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கையில் கிடைத்த ஒரே எண்ணை மட்டும் போட்டுத் தேடிவிட்டு, மலிவாக எதுவும் இல்லை என்று விட்டுவிடுவார்கள். அதே இரண்டாம் பதிப்பின் கெட்டி அட்டைக்கு வேறு எண், 0-387-98259-0. உள்ளே பக்கமும் பயிற்சியும் ஒன்றுதான். 2007 தொடக்கத்தில் பதின்மூன்று இலக்க முறை வந்ததால் இரண்டுக்குமே புது வடிவமும் உண்டு. நீங்கள் போட வேண்டியவை இந்த நான்கு:

```
0387982582
9780387982588
0387982590
9780387982595
```

பத்து இலக்கத்தின் முன்னால் 978 சேர்த்தால் போதும் என்று நினைப்பார்கள். கடைசிச் சரிபார்ப்பு எண் மாறும் என்பதை மறப்பதால் தேடல் வெறுமையாகத் திரும்பும். மேலே பாருங்கள், 2 இருந்த இடத்தில் 8, 0 இருந்த இடத்தில் 5.

BookFinder போன்ற ஒப்பீட்டுத் தளத்தில் இந்த நான்கையும் போடுங்கள். அது பல விற்பனைத் தளங்களை ஒரே நேரத்தில் துழாவி, அனுப்பும் செலவையும் சேர்த்துக் காட்டும். விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள். மிக மலிவாகத் தெரியும் பிரதி அனுப்பும் செலவோடு சேரும்போது வரிசையில் கீழே போய்விடுவது சகஜம்.

அதன் பிறகு எண்ணே போடாமல், ஆசிரியர் பெயர், தலைப்பு, 1997 என்று மட்டும் போட்டு ஒருமுறை தேடுங்கள். எண் குறிப்பிடாமலோ தப்பாகக் குறிப்பிட்டோ பட்டியலிட்ட பிரதிகள் அங்கேதான் கிடைக்கும். மற்றவர்கள் கண்ணில் படாததால் அவை மலிவாகவும் இருக்கக்கூடும்.

---

கிழக்குவாசல்

ஏன் இவ்வளவு சுத்தணும்? பாடப்புத்தகங்களுக்குக் குறைவிலைப் பதிப்புன்னு ஒண்ணு வருமே, குறிப்பிட்ட நாடுகள்ல மட்டும் விற்கிறது. அதை வாங்குங்க, புதுசே மலிவா வரும்.

---

பழுப்புத்தாள்

கிடைத்தால் நல்லதுதான். அதற்குத் தனி எண் இருக்கும், மேலே உள்ள நான்கில் அகப்படாது. அறிவியல், வணிகப் பாடநூல்கள் சிலவற்றில் குறைவிலைப் பதிப்பின் பயிற்சிகளை வேண்டுமென்றே மாற்றி வைப்பார்கள். குமிழுக்கு வேண்டியதே பயிற்சி எண்தான் என்பதால் உள்ளே பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பேன்.

---

கிழக்குவாசல்

நான் வாங்கின எதுலயும் அப்படி மாறலைங்க. தாள்தான் மெல்லிசா இருந்தது, மத்தபடி பக்கம் பக்கமா அதேதான். எல்லாத்தையும் ஒரே மாதிரி சந்தேகப்பட வேண்டியதில்லை.

---

கட்டுக்கட்டு

நான் பழைய புத்தகம் விற்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பெரிய அளவில் விற்பவர்கள் புத்தகத்தின் பட்டைக்குறியீட்டை ஒருமுறை வருடுவார்கள், அவ்வளவுதான். தலைப்பு, அட்டைப்படம், விவரம் எல்லாம் தளமே நிரப்பிக்கொள்ளும். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டைக்குறியீடு கிழிந்திருந்தால் தலைப்பைத் தட்டச்சு செய்து, முதலில் வருவதைத் தேர்வு செய்துவிடுவார்கள். இரண்டாம் பதிப்பு மூன்றாம் பதிப்பின் பக்கத்தில் போய் உட்காருவது அப்படித்தான்.

அதனால் விற்பவரிடம் "இது இரண்டாம் பதிப்பா?" என்று கேட்காதீர்கள். திரையில் இருப்பதைப் பார்த்து "ஆமாம்" என்பார். புத்தகத்தைத் திறந்தால்தான் பதில் சொல்ல முடியும் என்ற மாதிரி கேளுங்கள்: எண்ணிட்ட கடைசிப் பக்கம் எது? இரண்டாம் பதிப்பு என்றால் 251 வர வேண்டும்.

நிலையைக் குறிக்கும் சொற்களையும் அப்படியே நம்ப வேண்டாம். "Good" என்று போட்டிருந்தால் அது நல்ல பிரதி அல்ல, கோடும் எழுத்தும் உள்ள, படிக்கத் தடையில்லாத பிரதி. "Acceptable" அதற்கும் கீழே. நூலகத்திலிருந்து கழித்தது என்றால் "ex-library" என்று இருக்கும். முத்திரையும் சீட்டும் இருப்பதால் சேகரிப்பவர்கள் தொட மாட்டார்கள், விலை இறங்கும். படிக்க வாங்குபவருக்கு அதைவிட நல்ல பேரம் அபூர்வம், உள்ளே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். கணித நூலில் நான் பயப்படுவது முத்திரைக்கு அல்ல, பயிற்சிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதிய விடைகளுக்கு.

---

மீதிகள்

கட்டுக்கட்டு சொன்ன கேள்வியோடு இன்னொன்றும் சேர்க்கலாம். ஐந்தாம் அத்தியாயத்தில் ஏதாவது ஒரு பக்கத்தின் படம் கேளுங்கள். மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு அத்தியாயமும் 5.A, 5.B என்று பிரிந்து, பயிற்சிகள் ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் இருக்கும். இரண்டாம் பதிப்பில் பயிற்சி எல்லாம் அத்தியாயத்தின் கடைசியில், ஒரே தொடர் எண்ணில். மூன்றாம் பதிப்பில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சிகள் புதிதாகச் சேர்ந்தன. குமிழிடம் இருக்கும் இலவசப் பதிப்பின் எண்கள் ஒத்துப்போகாததற்கும் காரணம் இதுதான். படத்தில் "5.A" தெரிந்தால் அந்தப் பிரதி வேண்டாம்.

---

அளவுகோல்

ஒரு சின்ன பிரதிக்கு இத்தனை படம் கேட்டா விற்கிறவர் பதிலே போட மாட்டார்.

---

கட்டுக்கட்டு

பெரிய கிடங்குக்காரர்கள் போட மாட்டார்கள், உண்மை. அவர்களிடம் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தேடி எடுப்பதே செலவு. அங்கே வாங்கினால் தவறான பதிப்பு வந்தால் திருப்பி எடுப்பார்களா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். தனியாக விற்பவர்கள் ஒரு படம் என்றால் மறுக்க மாட்டார்கள். கடைசிப் பக்கமும் காப்புரிமைப் பக்கமும் போதும்.

---

குமிழ்

நாலு எண்ணையும் போட்டுப் பார்த்தேன். அண்ணன்கிட்ட இருக்கிற சாதா அட்டை எண்ணுல வந்ததெல்லாம் விலை அதிகம். கெட்டி அட்டை எண்ணுல ஒண்ணு, நூலகத்திலிருந்து கழிச்ச பிரதி, அனுப்பும் செலவோட சேர்த்தே மத்ததைவிடப் பாதிக்கும் கீழ. அட்டைப்படம் மூன்றாம் பதிப்போடது! ஆனா விற்கிறவர் அனுப்பின படத்துல கடைசிப் பக்கம் 251-ன்னு இருக்கு. காப்புரிமைப் பக்கத்துல 1997-ம் இருக்கு. அதுக்குக் கீழ ஒரு எண் வரிசை:

```
9 8 7 6 5
```

இது ஐந்தாம் பதிப்புன்னு அர்த்தமா? வாங்கலாமா?

---

கிழக்குவாசல்

ஆமாங்க, கடைசியா இருக்கிற எண்தான் பதிப்பு எண். 5-ன்னா ஐந்தாவது.

---

பழுப்புத்தாள்

5 சரி, பதிப்பு என்பது சரியல்ல. அந்த வரிசையில் இருக்கும் மிகச் சிறிய எண் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். இது இரண்டாம் பதிப்பின் ஐந்தாவது அச்சு. மறு அச்சுக்குப் போகும்போது வரிசையிலிருந்து ஒரு எண்ணை நீக்குவார்கள். பக்கத்தின் மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. ஐ.எஸ்.பி.என்.னும் மாறாது, அதனால்தான் அச்சை எண் போட்டுத் தேட முடியாது.

உங்களுக்கு இது சாதகமாகவே இருக்கும். ஸ்ப்ரிங்கர் மறு அச்சில் பிழைகளைத் திருத்துவது உண்டு. திருத்திய அச்சு என்றால் காப்புரிமைப் பக்கத்தில் "Corrected" என்ற சொல் இருக்கும், அதே படத்தில் பாருங்கள். பயிற்சி எண்கள் அச்சுக்கு அச்சு மாறாமல் இருப்பதுதான் வழக்கம். அண்ணனின் பிரதி முந்தைய அச்சாக இருந்தால் சில கணக்குகளில் ஒரு குறியோ எழுத்தோ வேறுபடலாம். அப்படி எங்காவது இடித்தால் உங்கள் பிரதியில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கலாம்.

---

குமிழ்

"Corrected"-ன்னு இருக்குங்க, மங்கலா தெரியுது. பணம் கட்டிட்டேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

---

தேன்மொழி_வா

கைவிளக்கு வச்சுப் பார்த்தேன். முதுகுல `GRAMM` வரைக்கும் தெரியுது, அடியில `HAC`, அதுக்கப்புறம் தோல் உரிஞ்சிருக்கு. கடைசித் தாள்ல அச்சகம் பேர் இல்லை. இது அஷெத் பதிப்பகமா?

---

பழுப்புத்தாள்

`HACHETTE` என்பதுதான் எனக்கும் முதலில் தோன்றுகிறது. மூன்று எழுத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வொரு தாள்கட்டின் முதல் பக்கத்திலும் அடியில் சிறிய எழுத்தில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். சில சமயம் கட்டின் எண்ணோடு ஆசிரியர் பெயரோ சுருக்கத் தலைப்போ அச்சாகியிருக்கும். பல நூல்களில் பதினாறு பக்கத்துக்கு ஒருமுறை வரும். கிடைத்தால் தனி இழையாகப் போடுங்கள், பிரெஞ்சு நூல் தெரிந்தவர்கள் கண்ணில் படும்.